சாம்பலான கருப்பு

டிவி கடையில் வீடுகளுக்குப் போய் டிவி மாட்டித் தருகிறவர்கள் நாலு பேர். மூன்று பேர் ஆம்பளைகள். சுவரைத் துளைப்பார்கள், டிவியைத் தூக்கி மாட்டுவார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நாலாவது ஆள் அவள். சுவருக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. மாட்டிய டிவியில் படம் சரியாக வரவில்லை என்று புகார் வந்தால் அவளைத்தான் அனுப்புவார்கள். கடையில் எல்லாருக்கும் அவள் செட்டிங் அக்கா. மேனேஜர் அவளைவிட எட்டு வயது மூத்தவர், அவருக்கும் அக்காதான்.

புகார்களில் முக்கால்வாசி விளையாட்டுக் கன்சோல் வாங்கியவர்களிடமிருந்து வரும். எல்லாருக்கும் ஒரே வாக்கியம்: "கலரெல்லாம் வெளுத்துப்போன மாதிரி இருக்குங்க." புது டிவி, புது கன்சோல், பெட்டியில் பளபளவென்று எச்டிஆர் என்று எழுதியிருக்கிறது. வெளிச்சம் இன்னும் வெளிச்சமாக, இருட்டு இன்னும் இருட்டாகத் தெரியும் என்று சொல்லித்தான் விற்றார்கள். வீட்டில் போட்டால் துவைத்துத் துவைத்து நிறம் போன லுங்கி மாதிரி படம்.

அவள் போய் உட்கார்ந்ததும் முதலில் ரிமோட்டைக் கேட்பாள். "கன்சோலை முதல் தடவை போட்டப்போ வெளிச்சத்தை அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லி ஒரு படம் வந்துச்சா? அப்போ டிவி எந்த மோடுல இருந்துச்சு?" யாருக்கும் தெரியாது. அங்கேதான் வினையே. டிவி கடையிலிருந்து வரும்போது கண்ணைப் பறிக்கிற மோடில் இருக்கும். அந்த மோடில் வைத்துக் கன்சோலுக்கு அளவு கொடுத்திருப்பார்கள். பிறகு விளையாட்டு தொடங்கியதும் டிவி தானாகவே கேம் மோடுக்குப் போய்விடும். அந்த மோடுக்கு வெளிச்சமும் வேறு, இருட்டும் வேறு. ஆனால் கன்சோல் பழைய அளவையே பிடித்துக்கொண்டு படத்தை அனுப்பும்.

"அண்ணனுக்கு அளவெடுத்துத் தம்பிக்குத் தச்ச சட்டைங்க இது" என்பாள் அவள். "தோள்ல தொங்காம என்ன செய்யும்?"

இன்னொரு கோளாறும் உண்டு. ரொம்பப் பிரகாசமான காட்சி வந்தால் டிவி தன் சக்திக்குத் தகுந்த மாதிரி அதை அமுக்கிக் காட்டும். அதற்கு டோன் மேப்பிங் என்று பேர். அதே வேலையைக் கன்சோலும் செய்யும். இரண்டும் சேர்ந்து செய்தால் மேகமும் முகமும் ஒரே வெளிச்சத்தில் சப்பென்று ஆகிவிடும். "சமைச்சவளும் உப்பு போட்டு, பரிமாறினவளும் உப்பு போட்டா வாயில வைக்க முடியுமா? யாராவது ஒருத்தர் போடணும்." சொல்லிக்கொண்டே டிவியின் டோன் மேப்பிங்கை நிறுத்துவாள், கேம் மோடில் வைப்பாள், அதற்குப் பிறகுதான் கன்சோலின் அளவை எடுப்பாள். வரிசை மாறக்கூடாது.

அளவு எடுப்பது கண் வேலை. கன்சோல் மூன்று திரைகளைக் காட்டும். முதல் இரண்டும் வெளிச்சத்துக்கு. வெள்ளைக்குள் ஒரு சின்னம் இருக்கும். பட்டனை மேலே தட்டத் தட்ட அது கரைந்துகொண்டே வரும். தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற இடத்தில் நிறுத்தவேண்டும். மூன்றாவது இருட்டுக்கு. கருப்புக்குள் சின்னம். இந்தத் தடவை கீழே தட்டவேண்டும். அது கருப்போடு கருப்பாக மறையப் போகிற இடத்தில் கையை எடுக்கவேண்டும். இந்த டிவியால் இதற்குமேல் பிரகாசம் காட்ட முடியாது, இதற்குக் கீழே இருட்டு காட்ட முடியாது என்று கன்சோல் அதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. தலைமை அலுவலகத்தில் வெளிச்சம் அளக்கிற கருவி ஒன்று இருந்தது. ஒருமுறை கொடுத்தனுப்பினார்கள். அவள் கண்ணால் வைத்ததும் கருவி சொன்னதும் மயிரிழை வித்தியாசத்தில் ஒத்துப்போயின. கருவி திரும்பிப் போய்விட்டது. பதினோரு வருஷமாக அவள் கண்தான் கருவி.

போன வருஷக் கடைசியில்தான் டெமோ மூலையில் தகராறு ஆரம்பித்தது. கடையின் ஒரு கோடியில் பெரிய டிவி, பக்கத்தில் கன்சோல், வருகிறவர்கள் விளையாடிப் பார்க்க ஒரு சோபா. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் இருந்தாள். இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயது இருக்கும். சிரித்த முகம். வேலைக்கு வந்து ஏழு மாசம். அவள் செட்டிங் அக்காவுக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போடாத நாளே கிடையாது.

டெமோ டிவியில் படம் வெளுத்திருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் சொன்னார்கள். செட்டிங் அக்கா வந்து அளவு வைத்தாள். கடையின் வெளிச்சத்தில் மேனேஜர் ஒரு பார்வை பார்த்துத் தலையாட்டினார். சாயங்காலம் அந்த மூலையில் விளக்கைக் குறைத்தபோது விளையாட்டில் வருகிற ராத்திரி வானம் சாம்பலாகக் கிடந்தது. மறுநாள் திரும்ப வைத்தாள். திரும்பவும் சாம்பல். மூன்றாவது தடவை மேனேஜர் கோபமாகக் கூப்பிட்டார்.

"என்னக்கா, உங்களாலேயே முடியலையா?"

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. "நான் வச்சிட்டுப் போறது சரியாத்தான் சார் இருக்கு. அப்புறம் யாரோ நோண்டுறாங்க."

"யாரு?"

அவள் டெமோ மூலைப் பக்கம் பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வை போதுமானதாக இருந்தது.

"அக்கா, சத்தியமா நான் ரிமோட்டைத் தொடவே இல்லக்கா" என்றாள் அந்தப் பெண். "நீங்க வச்சிட்டுப் போறப்பவே அப்படித்தான் இருக்கு. சொன்னா தப்பா எடுத்துக்குவீங்களோன்னு சும்மா இருந்தேன்."

"பதினோரு வருஷமா இதான் என் வேலை. ஏழு மாசத்துல எனக்குக் கத்துக்குடுக்க வந்துட்டியா?"

ஒன்று மட்டும் செட்டிங் அக்காவின் மனசுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து பார்த்தபோது டிவி அவள் விட்டுப்போன அதே கேம் மோடில்தான் இருந்தது. டோன் மேப்பிங்கும் நிறுத்தினபடியே இருந்தது. யாரும் தொட்ட அடையாளம் இல்லை. மாற்றிவிட்டுத் திருப்பி வைத்திருப்பாள், கைகாரி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாரக் கடைசியில் அந்தப் பெண்ணை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். போகும்போது அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. நாற்காலி சோபாவுக்குப் பின்னால் கிடந்தது.

இரண்டு மாசம் கழித்துப் பல் டாக்டர் வீட்டு வேலை வந்தது. டாக்டருக்கு விளையாட நேரமில்லை. விளையாடுகிறவர் அவர் மனைவி. குகைக்குள் தீப்பந்தத்தோடு நடக்கிற விளையாட்டு ஒன்றை நாலு மாசமாக விளையாடிக்கொண்டிருந்தார். அதற்காகவே பெரிய டிவி வாங்கியிருந்தார். செட்டிங் அக்கா போய் முறைப்படி எல்லாம் வைத்துவிட்டு வந்தாள். இரண்டாம் நாளே போன்.

"குகைக்குள்ள இருட்டே இல்லீங்க. புகை மூட்டம் மாதிரி இருக்கு."

போய்ப் பார்த்தால் யாரோ சினிமா மோடுக்கு மாற்றியிருந்தார்கள். அவளுக்கு மனசுக்குள் ஒரு குளிர்ச்சி. "பாத்தீங்களா மேடம், நான் அளவெடுத்தது கேம் மோடுக்கு. நீங்க மோடை மாத்தினா அந்த அளவு செல்லாது." அந்த அம்மாள் மன்னிப்புக் கேட்டார். அவள் மோடைத் திருப்பி, மறுபடி அளவு எடுத்து வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் காலையில் மறுபடி போன். மோடை மாற்றவில்லை, யாரும் தொடவில்லை, ஆனாலும் சாம்பல்தான்.

"கடையில பளிச்சுன்னு பாத்த கண்ணுங்க மேடம். கொஞ்ச நாள் பழகினா சரியாப்போகும்" என்றாள் அவள் போனிலேயே.

"பழகிக்கிறதுக்கு நான் எதுக்குங்க புது டிவி வாங்கினேன்?"

அந்த அம்மாள் மேனேஜரைக் கூப்பிட்டுவிட்டார். மேனேஜர் செட்டிங் அக்காவோடு ஆணி அண்ணனையும் அனுப்பினார். சுவரில் டிவி மாட்டுகிறவர் அவர். நிறத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. டிவியைக் கோணலாக மாட்டியிருந்தால் மட்டும் கண்டுபிடிப்பார். "எனக்கு எதுக்குக்கா இதெல்லாம்? வானம் நீலமா இருந்தாலும் பச்சையா இருந்தாலும் என் ஆணி நேராத்தான் இருக்கும்" என்று வண்டியில் சொல்லிக்கொண்டே வந்தார். அவள் சிரிக்கவில்லை.

மத்தியான வேளை. ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்கள். மோடு சரி. கேபிள் சரி. டிவி எச்டிஆர் வாங்கிக்கொள்கிறது. கடைசியில் அந்த அம்மாள் சொன்னார், "நீங்க தப்பா எடுத்துக்கலைன்னா அந்த அளவை ஒருவாட்டி நானே எடுத்துப் பாக்கவா?"

"தாராளமா பாருங்க" என்று கன்ட்ரோலரை நீட்டினாள்.

வெளிச்சத் திரை வந்தது. அந்த அம்மாள் தட்டிக்கொண்டே போனார். சின்னம் மறைந்துவிட்டது என்று அவள் நினைத்த பிறகும் நாலைந்து தட்டு தட்டினார். எல்லாருக்கும் கொஞ்சம் முன்பின் ஆகும், சரி. பிறகு இருட்டுத் திரை வந்தது. கீழே தட்டத் தட்டச் சின்னம் மங்கியது. ஒன்று, இரண்டு, பத்து, பன்னிரண்டு. பதினாலாவது தட்டில் சின்னம் போய்விட்டது. திரை முழுக்க ஒரே கருப்பு.

"போதும் மேடம். நிறுத்துங்க."

"இன்னும் தெரியுதே."

"எங்க தெரியுது?"

"நடுவுல. நல்லாவே தெரியுதுங்க." பதினைந்து, பதினாறு, பதினேழு.

அவள் ஆணி அண்ணனைப் பார்த்தாள். அவர் தலையைச் சாய்த்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், வழக்கமாகச் சட்டம் கோணலா என்று பார்க்கிற மாதிரி. "ஆமாக்கா, இருக்கு. மங்கலா இருக்கு. உனக்குத் தெரியலையா?"

அவள் எழுந்து டிவிக்கு ஒரு முழம் தள்ளிப் போய் நின்றாள். கருப்பு. வலது கண்ணைக் கையால் மூடினாள். இடது கண்ணில், மிக மெலிசாக, சின்னத்தின் ஒரு ஓரம். இடது கண்ணை மூடினாள். வலது கண்ணில் ஒன்றுமே இல்லை. சின்னம் மட்டுமல்ல, டிவியின் மேல் ஓரத்தில் ஒரு பாதியும் தெரியவில்லை.

பின்னால் பட்டன் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இருபத்தி இரண்டில் அந்த அம்மாள் நிறுத்தினார். போன வருஷ ஆரம்பத்தில் இதே வகை டிவிக்கு அவளுக்கும் இருபத்தி இரண்டுதான் வரும்.

விளையாட்டைப் போட்டார்கள். "ஆ!" என்றார் அந்த அம்மாள். "இப்பப் பாருங்க, குகை! தீப்பந்தம் எவ்வளவு செவப்பா இருக்கு பாருங்க!" ஆணி அண்ணனே "அடேயப்பா" என்றார். அவளும் பார்த்தாள். போன தடவை அவள் வைத்தபோது தெரிந்த குகைச் சுவர், கற்கள், ஓரத்தில் இருந்த படிக்கட்டு எதுவும் இப்போது அவளுக்குத் தெரியவில்லை. கருப்புக்கு நடுவில் ஒரு நெருப்பு, அவ்வளவுதான். மற்றவர்களுக்குச் சாம்பலாக இருந்தால்தான் அவளுக்குச் சுவர் தெரியும். அவள் தெரியாமலேயே எல்லார் வீட்டுப் படத்தையும் தன் கண்ணுக்குத் தகுந்த மாதிரி வெளுக்க வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"சாஃப்ட்வேர் கோளாறு மேடம். இப்ப சரியாயிடுச்சு" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்கினாள்.

வண்டியில் ஆணி அண்ணன் பாதி வழியில், "அக்கா, கண்ணாடி கிண்ணாடி மாத்தணுமா இருக்கும்" என்றார்.

"அதான்" என்றாள்.

கோளாறு கண்ணாடியில் இல்லை. கண் டாக்டர், அவளைவிடச் சின்னப் பெண், இரண்டு நாள் சோதனை செய்துவிட்டு, கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுவிட்டிருக்கிறது என்று சொன்னார். வலது கண்ணில் பெரும்பகுதி போய்விட்டது. இடதில் ஆரம்பித்திருக்கிறது.

"வலியே இல்லையே டாக்டர்?"

"இதுக்கு வலிக்காதும்மா. அதான் யாரும் சீக்கிரம் வர்றதில்லை. முதல்ல ஓரம் போகும், மங்கல் வித்தியாசம் தெரியாமப் போகும். நல்லா இருக்கிற கண்ணு இன்னொண்ணோட குறையை மூடிடும்."

"போனது?"

"போனது வராது. சொட்டு மருந்து போட்டு இருக்கிறதைக் காப்பாத்தலாம்."

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பேச்சு குறைவு. திரும்பி வரும்போது பஸ்ஸில், "என் மூஞ்சி உனக்கு எப்பவுமே மங்கலாத்தானே தெரியும், புதுசா என்ன" என்று சொல்லிப் பார்த்தார். அவள் சிரிக்க முயன்றது அழுகையாக வந்தது. அவர் இறங்கும்போது படியில் அவள் கையைப் பிடித்தார். படிகளில் இரண்டு மாசமாக அவள் இடறிக்கொண்டிருந்ததை அவர் கவனித்திருக்கவேண்டும். செருப்பு சரியில்லை என்று அவள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முதலில் கண்ணைப் பற்றித்தான் கவலைப்பட்டார், நல்ல மனுஷன். அவள் டெமோ மூலைப் பெண்ணைப் பற்றிப் பேச்செடுத்தபோதுதான் முகம் மாறியது.

"அவ மேல தப்பே இல்ல சார். ரிமோட்டை அவ தொடவே இல்ல. நான்தான் ஒவ்வொரு தடவையும் தப்பா வச்சேன்."

"அதை இப்பச் சொல்லி என்னக்கா பண்றது? அந்த இடத்துக்கு ஆள் போட்டாச்சே."

"வேற எங்கயாவது…"

"பாக்கலாம்" என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று பதினோரு வருஷத்தில் அவளுக்குத் தெரியும்.

கடைப் பதிவேட்டில் விலாசம் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை தேடிப் போனாள். மூன்றாவது மாடி, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். கதவைத் திறந்தது அந்தப் பெண்ணேதான். உள்ளே தையல் மெஷின் சத்தம், யாரோ இருமுகிற சத்தம். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. வாசலிலேயே நின்றபடி செட்டிங் அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். கருப்பு, சாம்பல், பதினாலு, இருபத்தி இரண்டு, நரம்பு, எல்லாம். தப்பு தன்னுடையது என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டதையும் சொன்னாள்.

அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள்.

"உங்க கண்ணு போனதுக்கு நான் வருத்தப்படறேன்க்கா. நெசமா. ஆனா அன்னைக்கு நீங்க தப்பா வச்சதுக்கு நான் கோவப்படலை. கண்ணு தெரியாம வச்சீங்க, சரி. டிவி நீங்க வச்ச மோடுலயேதானே இருந்துச்சு? அது உங்களுக்குத் தெரிஞ்சதுதானே?"

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

"அடுத்த கடையில கேட்டப்போ, ஏன் நிறுத்தினாங்கன்னு இங்க போன் பண்ணி விசாரிச்சாங்க. சாமானை நோண்டுற பொண்ணுன்னு சொல்லியிருக்காங்க. இப்ப அம்மாவோட தைக்கிறேன்." கதவில் கை வைத்தாள். "பாத்துப் போங்கக்கா. படியில வெளிச்சம் இருக்காது."

கதவு சாத்திக்கொண்டது. கோபமாகச் சாத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சாத்தினாள். மூன்று மாடியையும் அவள் ஒவ்வொரு படியாகக் காலால் துழாவி இறங்கினாள்.

கடையில் அவளைப் போன் மேசையில் உட்கார வைத்தார்கள். கடந்த ஆறு மாசத்தில் அவள் அளவு வைத்த வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். "மேடம், பிக்சர் மோடு என்னன்னு படிச்சுச் சொல்லுங்க. கேமா? சரி. இப்ப கன்சோல்ல அந்த அளவை நீங்களே எடுங்க. உங்க கண்ணுக்குத் தெரியுற வரைக்கும் தட்டுங்க." சிலர் நன்றி சொன்னார்கள். சிலர் டிவியைத் தள்ளிவிட்டு வேறு வாங்கியிருந்தார்கள். ஒருவர், "ஆறு மாசமா என் கண்ணுல ஏதோ கோளாறுன்னு நினைச்சிட்டிருந்தேங்க" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு, "ஹலோ? இருக்கீங்களா?" என்றார் அவர்.

வீடுகள் தீர்ந்துவிட்டன. அதற்குப் பிறகு போன் மேசையில் பெரிய வேலை இல்லை. கூப்பிடுகிறவர்களை ஆணி அண்ணனே சமாளித்துக்கொண்டார். மூன்று திரையும் அவருக்கு இப்போது அத்துப்படி.

நாலு மாசம் கழித்து டாக்டர் பார்வை எல்லையை மறுபடி அளக்கச் சொன்னார். இருட்டு அறை. ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கவேண்டும். வலது கண்ணை மூடிக் கட்டினார்கள். நடுவில் ஒரு புள்ளியையே பார்க்கச் சொன்னார்கள். சுற்றிலும் எங்கேயாவது பொட்டு வெளிச்சம் வந்தால் கையிலுள்ள பட்டனை அழுத்தவேண்டும்.

முதலில் அழுத்தினாள். தெரிந்தது. மறுபடி தெரிந்தது. பிறகு வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. ஆனால் மெஷின் ஒவ்வொரு பொட்டுக்கும் முன்னால் உள்ளே சிறிதாக ஒரு சத்தம் போடுவதைக் கண்டுபிடித்துவிட்டாள். சத்தம் கேட்டதும் அழுத்தினாள். அடுத்த சத்தத்துக்கும் அழுத்தினாள். இடது கண் நன்றாக இருக்கிறது என்று தாளில் வரட்டும் என்று நினைத்தாளோ என்னவோ, அவளுக்கே தெரியவில்லை. கட்டைவிரல் தானாக அழுத்திக்கொண்டிருந்தது.

"அம்மா," என்றாள் பக்கத்தில் இருந்த நர்ஸ், மெதுவாக. "வெளிச்சம் வராதப்போவும் அழுத்துறீங்க. தெரிஞ்சா மட்டும் அழுத்துங்கம்மா. இல்லைன்னா எங்களுக்கு எவ்வளவு இருக்குன்னு தெரியாது."

அவள் சரி என்றாள். விரலைப் பட்டனிலிருந்து கொஞ்சம் உயர்த்தி வைத்துக்கொண்டாள். உள்ளே சத்தம் கேட்டது. காத்திருந்தாள். மறுபடி கேட்டது. வெள்ளைக் கிண்ணம் வெறும் வெள்ளையாகவே இருந்தது. ரொம்ப நேரம் அவள் அழுத்தவே இல்லை.